24 பேர் “முடிந்தது சார்”, திறந்து பார்த்தால் 24 விதம்: இன்டர்ன் குழுவின் பணிச் செய்தியையும் வார அறிக்கையையும் சரிசெய்வது எப்படி

இது முழுக்க முழுக்க அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி. உங்கள் குழுவில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். எடுத்துக்காட்டுக்கு நான் ஒருங்கிணைத்த ஒரு குழுவையே வைத்துக்கொள்கிறேன்: 24 இன்டர்ன்கள், 3 மென்டர்கள், ஒவ்வொரு மென்டருக்கும் 8 பேர். தினமும் காலையில் குழுவில் ஒரு பணிச் செய்தி, வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு நிலை அறிக்கை. கருவி வாட்ஸ்ஆப். வேறு கருவி என்றாலும் பிழைகள் இவைதான்.

அறிகுறி: எல்லாரும் “முடிந்தது” என்கிறார்கள், ஆனால் சேர்த்துப் பார்த்தால் எதுவும் ஒட்டவில்லை

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை நான் போட்ட செய்தி இது:

```
இன்றைய பணி: டேட்டா கிளீனிங்.
எல்லாரும் முடித்துவிட்டு அப்டேட் செய்யவும்.
```

மாலைக்குள் “முடிந்தது சார்”, “முடிந்தது மேம்” என்று வரிசையாக வந்தது. வெள்ளிக்கிழமை எல்லாருடைய தாள்களையும் ஒன்றாகச் சேர்க்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தேதி இல்லாத வரிசைகளைச் சிலர் அடியோடு நீக்கியிருந்தார்கள். ஒருவர் அந்த இடங்களில் அன்றைய தேதியை நிரப்பியிருந்தார். 03/04 என்பதைச் சிலர் ஏப்ரல் 3 ஆகவும் சிலர் மார்ச் 4 ஆகவும் எடுத்திருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. “டேட்டா கிளீனிங்” என்ற சொல்லுக்குள் இத்தனை வேலையும் அடங்கும், நான்தான் எதைக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

முதலில் செய்ய வேண்டிய சோதனை: உங்கள் பணிச் செய்தியை எடுத்து, “வேலை முடிந்ததும் கையில் என்ன இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். செய்தியை மட்டும் வைத்து ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அது பணிச் செய்தி அல்ல, பாடத்தின் தலைப்பு.

நான்காவது வாரம் திங்கட்கிழமை அதே வேலையை இப்படிப் போட்டேன்:

```
பணி41 | திங்கள் | 2 மணி நேரம்
முடிவில்: D நெடுவரிசைத் தேதிகள் எல்லாம்
YYYY-MM-DD வடிவில். மூலத்தில் நாள் முதலில், மாதம் அடுத்து.
செய்யக் கூடாதது: வரிசை எதையும் நீக்குவது, காலி இடத்தை நிரப்புவது.
எங்கே: பொதுக் கோப்புறை > பணி41 > உங்கள் பெயர்
பதில்: மாலை 5-க்குள் இணைப்பு + காலித் தேதிகளின் எண்ணிக்கை
சிக்கினால்: 30 நிமிடம் முயன்றபின் இந்தச் செய்திக்கே ரிப்ளை
```

இதில் மூன்று வரிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

“செய்யக் கூடாதது” வரி முதலில் மிகையாகத் தோன்றும். ஆனால் ஆர்வமுள்ள இன்டர்ன் சொன்னதைச் செய்துவிட்டுக் கூடவே இன்னும் கொஞ்சம் சீர்செய்வார். அந்தக் கொஞ்சம்தான் சேர்க்கும்போது உதைக்கும். போன முறை எங்கே கெட்டதோ அதை மட்டும் இந்த வரியில் எழுதுங்கள். பத்துத் தடைகளை அடுக்கினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

பணி எண் என்பது வாரமும் நாளும்தான். நான்காவது வாரம், முதல் நாள், ஆக பணி41. நடுவில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுவதற்குக் காரணம் தேடல். குழுவின் தேடல் கட்டத்தில் “பணி41” என்று அடித்தால் அந்தப் பணி தொடர்பானவை மட்டும் வர வேண்டும். “இன்றைய பணி” என்று தேடினால் நாற்பது நாள் செய்தியும் வந்து நிற்கும்.

மூன்றாவது, பதிலில் இணைப்போடு ஓர் எண்ணையும் கேட்டது. இதுதான் எனக்கு மிகவும் உதவிய மாற்றம், அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். தாளில் 1,200 வரிசைகள், D2 முதல் D1201 வரை. மாலையில் வந்த எண்கள்: 15 பேருக்கு 31, 7 பேருக்கு 37, ஒருவருக்கு 131. ஒருவர் எண்ணே அனுப்பவில்லை. ஒரு தாளைக்கூடத் திறக்காமலேயே யாருக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. 31 சொன்னவர்கள் பயன்படுத்தியது இது:

```
=COUNTBLANK(D2:D1201)
```

இது ஓர் எழுத்துகூட, ஒரு ஸ்பேஸ்கூட இல்லாத கட்டங்களை மட்டும் எண்ணும். ஆறு கட்டங்களில் யாரோ ஸ்பேஸ் விசையை மட்டும் தட்டியிருந்தார்கள். கண்ணுக்குக் காலி, COUNTBLANK-க்குக் காலி அல்ல. 37 சொன்னவர்கள் எழுதியது:

```
=SUMPRODUCT(--(LEN(TRIM(D2:D1201))=0))
```

131 சொன்னவர் D1301 வரை இழுத்துவிட்டார், கீழே இருந்த நூறு வெற்று வரிசைகளும் சேர்ந்துகொண்டன. மூன்று எண்களுக்கும் மூன்று காரணம், மறுநாள் காலை பத்து நிமிடத்தில் விளக்கி முடித்தோம். பழைய வடிவில் இது வெள்ளிக்கிழமைதான் தெரிந்திருக்கும், அதுவும் தெரிந்திருந்தால்.

எண் கேட்க முடியாத வேலைகள் உண்டு. பக்க வடிவமைப்புக்கு என்ன எண்? அங்கே ஸ்கிரீன்ஷாட் ஒன்று கேளுங்கள், ஆனால் எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்: “தவறான கடவுச்சொல் கொடுத்தபின் வரும் திரை” என்பது போல. வெறுமனே “ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும்” என்றால் எல்லாரும் அழகான முதல் திரையைத்தான் அனுப்புவார்கள்.

அறிகுறி: 20 கட்டைவிரல், 5 வேலை

கட்டைவிரலுக்கு இன்டர்ன்களிடம் மூன்று பொருள் உண்டு: பார்த்தேன், சரி, முடித்துவிட்டேன். எது எந்த நாளில் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரே விதி போதும்: இணைப்பு வந்தால்தான் கணக்கு. கட்டைவிரலைத் தடை செய்யப் போக வேண்டாம், எண்ணாமல் விட்டால் போதும்.

ஆனால் வேலை வராததற்குக் காரணம் படிக்காததா, புரியாததா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவல் பகுதிக்குப் போனால் யார் படித்தார்கள், யாருக்கு வந்து மட்டும் சேர்ந்திருக்கிறது என்று பெயர் வாரியாக வரும். தனி உரையாடலில் நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள்கூடக் குழுவில் இதிலிருந்து தப்ப முடியாது. செய்தியை அனுப்பியவருக்கு மட்டுமே இது தெரியும் என்பதால், மென்டர் போட்ட செய்தி என்றால் அவரையே பார்க்கச் சொல்ல வேண்டும்.

மதியம் ஒரு மணிக்குப் பாருங்கள். 24 பேரில் 22 பேர் படித்து, ஒருவரும் தொடங்கவில்லை என்றால் பிழை செய்தியில். மேலே சொன்ன சோதனைக்குத் திரும்புங்கள். 9 பேர்தான் படித்திருக்கிறார்கள் என்றால் பிழை நேரத்தில், அல்லது குழுவையே மியூட் செய்துவிட்டார்கள். இரவு 11.40-க்கு அடுத்த நாள் பணியைப் போடும் பழக்கம் எனக்கு இருந்தது. காலையில் அவர்கள் எழும்போது அதன்மேல் வாழ்த்தும் பகிர்வுமாக முப்பது செய்திகள் ஏறியிருக்கும். காலை 9-க்குப் போடத் தொடங்கியபின் இந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றது. டெலிகிராமிலும் ஸ்லாக்கிலும் செய்தியை முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைக்கலாம், இரவு ஆந்தைகளுக்கு அது வசதி.

மியூட் செய்தவர்களைத் திட்டிப் பயனில்லை. அரட்டைக்கு ஒரு குழு, பணிக்கு ஒரு குழு என்று பிரித்துவிட்டு, பணிக் குழுவில் அரட்டை வந்தால் முதல் நாளிலிருந்தே அங்கே அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி: காலையில் சொன்னது ஒன்று, மாலையில் செய்தது வேறு

பெரும்பாலும் நடுவில் நீங்கள் செய்தியை மாற்றியிருப்பீர்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், திருத்தினால் யாருக்கும் புதிதாக அறிவிப்பு போகாது. 9.02-க்குப் படித்துவிட்டு வேலையில் இறங்கியவருக்கு 9.12 திருத்தம் தெரியவே தெரியாது. எழுத்துப்பிழை என்றால் திருத்துங்கள். வேலை மாறுகிறது என்றால் பழைய செய்திக்கு ரிப்ளையாக “திருத்தம் பணி41” என்று தொடங்கிப் புதிதாக ஒன்று போடுங்கள், அதைப் பின் செய்யுங்கள்.

பின் செய்வதிலும் ஒரு சின்னக் கணக்கு. 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று கால அளவு கேட்கும். அன்றைய பணிக்கு முதலாவது, வார அறிக்கை வடிவத்துக்கு மூன்றாவது. எல்லாவற்றையும் 30 நாள் பின் செய்தால் மேலே நிற்பது போன வாரத்துப் பணியாக இருக்கும்.

அறிகுறி: வாரா வாரம் “தடை எதுவும் இல்லை”, கடைசி வாரத்தில் பாதி வேலை இல்லை

இதுதான் இருப்பவற்றில் மோசமானது, ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். என்னுடைய பழைய வார அறிக்கை வடிவத்தில் மூன்று கேள்விகள் இருந்தன: என்ன செய்தீர்கள், அடுத்து என்ன, தடை உண்டா. மூன்றாவதுக்கு முதல் மூன்று வாரமும் கிட்டத்தட்ட எல்லாரிடமிருந்தும் “இல்லை” என்றே வந்தது.

ஓர் இன்டர்னைத் தனியாக அழைத்துக் கேட்டேன். அறிக்கையில் “இல்லை” என்று எழுதியிருந்தார், ஆனால் தேதி வடிவம் மாறாமல் அவர் ஆறு மணி நேரம் போராடியிருந்தார். “சார், எல்லாரும் முடிஞ்சதுன்னு போட்டிருக்காங்க. எனக்கு மட்டும் வரலன்னு அந்தக் குரூப்ல எப்படிப் போடுறது?” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். “முடிந்தது” என்று போட்ட பலருக்கும் அதே இடத்தில்தான் இடித்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

இங்கே பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு.

ஒன்று, கேள்வி. “தடை உண்டா?” என்பதற்கு “இல்லை” என்று சொல்லிவிட்டுப் போவது மிக எளிது. “உண்டு” என்பது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு “எந்தப் பணியில் அதிக நேரம் போனது, எத்தனை மணி?” என்று கேட்டேன். ஏதோ ஒரு பணியில்தான் அதிக நேரம் போயிருக்கும், அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. 2 மணி நேரம் என்று குறித்த பணிக்குப் பாதிப் பேர் 5 மணி என்று எழுதினால், சிக்கல் அவர்களிடம் இல்லை, பணியிலோ கற்றுக்கொடுத்ததிலோ இருக்கிறது. ஒருவர் மட்டும் எழுதினால் மென்டர் அவரோடு தனியாக உட்கார வேண்டும். இந்தப் பிரிப்பு பழைய கேள்வியில் கிடைக்கவே கிடைக்காது.

இரண்டாவது, முன்பு தடை சொன்னவருக்கு என்ன நடந்தது என்பது. குழுவில் பின்னோக்கிப் போய்க் கடந்த ஐந்து கேள்விகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மென்டரின் முதல் பதில் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று காகிதத்தில் எழுதுங்கள். எங்கள் குழுவில் ஐந்தில் இரண்டுக்குப் பதிலே இல்லை. மூன்று மென்டர்களும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்திருக்கிறார்கள். பதில் வராத கேள்விகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற 22 பேரும் கேட்கப் போவதில்லை. நாளுக்கு ஒரு மென்டர் பொறுப்பு என்று முறை வைத்து, பணிச் செய்தியின் கடைசியில் “இன்று பதில் தருபவர்” என்று ஒரு வரி சேர்த்ததும் கேள்விகள் வரத் தொடங்கின. விடை உடனே தெரியாவிட்டாலும் பரவாயில்லை, “பார்த்தேன், மாலைக்குள் சொல்கிறேன்” என்று எழுதினால் போதும் என்று மென்டர்களிடம் சொல்லிவைத்தேன்.

அறிகுறி: மென்டர்கள் வார அறிக்கையைப் படிப்பதில்லை

நேரடியாகக் கேட்டால் படிக்கிறோம் என்பார்கள். சோதிக்க வேண்டுமா, போன வார அறிக்கையில் யாராவது உதவி கேட்டிருந்தால் அது கிடைத்ததா என்று பாருங்கள்.

படிக்காததற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது. எட்டுப் பேர், ஆளுக்குப் பதினைந்து வரி என்றால் 120 வரி. அதில் நூறு வரி “இந்த வாரம் நான் கற்றுக்கொண்டது” வகை. மென்டர் ஏதாவது செய்ய வேண்டிய வரி ஒன்றிரண்டுதான், அதுவும் அடியில் கிடக்கும். நாங்கள் கடைசியில் நிலைத்த வடிவம் இது, ஓர் இன்டர்ன் நிரப்பியபடியே தருகிறேன்:

```
வாரம் 4 | பெயர்
தேவை: பணி43-க்கான தாளைத் திறக்க அனுமதி. மென்டரிடமிருந்து, வெள்ளி மதியத்துக்குள்.
முடிந்தது: பணி35, 41, 42, 44 (4/5), இணைப்புகள் கோப்புறையில்
நிற்பது: பணி43, அனுமதி இல்லாததால் தொடங்கவில்லை
அதிக நேரம்: பணி41, 4 மணி. ஸ்பேஸ் உள்ள கட்டங்கள்.
```

“தேவை” வரி முதலில் வருவதுதான் இதன் உயிர். யாரிடமிருந்து, என்ன, எப்போதைக்குள் என்ற மூன்றும் இல்லாமல் “உதவி தேவை” என்று எழுதினால் திருப்பி அனுப்பினோம். தேவை இல்லாதவர் “தேவை: இல்லை” என்று எழுதுவார், மென்டர் அதற்குமேல் படிக்காமல் அடுத்தவருக்குப் போகலாம். எட்டு அறிக்கைகளின் முதல் வரியை மட்டும் ஓட்டினால் ஐந்து நிமிட வேலை.

எடுத்துக்காட்டில் பணி35 இருப்பதையும் பணி45 இல்லாததையும் கவனித்திருப்பீர்கள். பணி எண்ணுக்கு வாரம் திங்களில் தொடங்கினாலும், அறிக்கைக்கான வாரம் வெள்ளியில் தொடங்கி வியாழனில் முடிகிறது, அறிக்கை வியாழன் மாலை 6-க்குள். முன்பு வெள்ளி மாலை என்று வைத்திருந்தோம். வெள்ளி மாலை ஏழு மணிக்கு ஒருவர் அனுமதி வேண்டும் என்று எழுதினால் அது திங்கள் மதியம்தான் கிடைக்கும், அதற்குள் திங்கள் பணியும் கெடும். வியாழன் என்றால் மென்டர் கையில் ஒரு முழு வேலைநாள் இருக்கிறது.

இன்னொன்று, சதவீதம் வேண்டாம். “80 சதவீதம் முடிந்தது” என்று ஒரு பணி மூன்று வாரம் அப்படியே நின்ற கதை எங்களிடமும் உண்டு. இணைப்பு இருந்தால் முடிந்தது, இல்லையென்றால் நிற்பது. நடுவில் நிலை எதுவும் இல்லை. பணி அவ்வளவு பெரியது, நடுநிலை தேவைப்படுகிறது என்று தோன்றினால் அந்தப் பணியை இரண்டாக உடையுங்கள்.

அறிக்கையைக் குழுவில் போடுவதா, மென்டருக்குத் தனியாக அனுப்புவதா என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. தினப் பணி பொதுக் குழுவில், வார அறிக்கை எட்டுப் பேர் குழுவில் என்று முடிவானது. முழுத் தனிமையில் விட்டால் ஒருவருக்குக் கிடைத்த விடை மற்ற ஏழு பேருக்குப் போகாது. 24 பேர் முன்னால் என்றால் மேலே சொன்ன கூச்சம் திரும்ப வரும்.

அறிகுறி: இரண்டு மென்டர்கள், இரண்டு விடை

ஓர் இன்டர்ன் பொறுப்பு மென்டரிடம் ஒன்று கேட்டு, தன் மென்டரிடமும் தனியாகக் கேட்டிருப்பார். ஒருவர் காலித் தேதியை அப்படியே விடச் சொல்வார், மற்றவர் “தெரியாது” என்று நிரப்பச் சொல்வார். இரண்டுமே தப்பில்லை, ஆனால் தாள்களைச் சேர்க்கும்போது இரண்டும் இருக்கக் கூடாது. இதற்கு நாங்கள் வைத்த ஏற்பாடு: தனிச் செய்தியில் வரும் பணிக் கேள்விக்கு மென்டர் அங்கே விடை சொல்வதில்லை, “இதைப் பணி41 செய்தியில் ரிப்ளையாகக் கேளுங்கள்” என்பார். விடை குழுவில் ஒருமுறை வந்துவிட்டால் அதுதான் செல்லும். மென்டர்களுக்குள் மாற்றுக் கருத்து இருந்தால் அவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, “திருத்தம் பணி41” என்று ஒரே செய்தியாகப் போட வேண்டும்.

கேட்கக் கூச்சப்படுபவர்களுக்காக ஒரே ஒரு விலக்கு வைத்தோம்: கேள்வியை மென்டரே பெயர் சொல்லாமல் குழுவில் போட்டு, அவரே விடையும் எழுதலாம். அந்த ஆறு மணி நேர இன்டர்னின் கேள்வி அப்படித்தான் குழுவுக்கு வந்தது. கீழே முதல் ரிப்ளையாக ஒருவர் எழுதியிருந்தார்: “எனக்கும் இதேதான் சார்.”